ஒரே நிலைக்குச் சேர்க்கும் சொல்

நுழையும்முன்

ஒரு பொறி இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஆயினும் அதற்கு ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாக இட முடியும். பொறி எந்நிலையில் தொடங்கியிருந்தாலும் இறுதியில் குறிப்பிட்ட ஒரே நிலைக்கு வந்து நிற்குமாறு அவ்வாணைகளைக் கோத்துவிட முடியுமா? கணிப்பியலில் இக்கேள்விக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஒரு சதுர அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இப்பாடத்தைப் படித்தால், அக்கேள்வியின் உள்ளே நாமே நுழைந்து பார்க்கலாம்.

கண்ணில்லாத பட்டை

தொழிற்கூடம் ஒன்றில் சிறு உலோகப் பாகங்கள் பெட்டியிலிருந்து கொட்டப்பட்டு, கன்வேயர் பெல்ட் எனப்படும் நகரும் பட்டையின்மீது வரிசையாகச் செல்கின்றன. ஒவ்வொரு பாகமும் சதுர வடிவானது. அதன் நான்கு பக்கங்களுள் ஒன்றில் மட்டும் சிறு புடைப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. பட்டையை மேலிருந்து நோக்குவதாகக் கொள்வோம். அப்புடைப்பு இடது, மேல், வலது, கீழ் என்னும் நான்கு திசைகளுள் எதையும் நோக்கியிருக்கலாம். பட்டையின் முடிவில் பாகத்தைப் பற்றியெடுக்கும் கருவிக்கோ எல்லாப் பாகங்களும் ஒரே திசையை நோக்கி வந்தாக வேண்டும்.

ஒளிப்படக் கருவியைப் பொருத்தி ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துத் திருப்புவது ஒரு வழி. அதனினும் எளிய வழியொன்றை நடராசன் என்னும் ஆய்வாளர் 1986ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தார். பார்க்க வேண்டியதில்லை, பாகம் செல்லும் வழியில் தக்க தடைகளைத் தக்க வரிசையில் வைத்தாலே போதும் என்பது அவ்வழியின் சாரம். நாம் இங்குக் காணும் சதுரப் பாகம், அவ்வகைச் சிக்கலை விளக்க இத்துறை அறிஞர்கள் பின்னர்க் கையாண்ட எடுத்துக்காட்டாகும்.

பட்டை இடமிருந்து வலமாக நகர்கிறது. அதன் கீழ் விளிம்பிலிருந்து சில கட்டைகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை இருவகைப்படும். நெட்டைக் கட்டை, பாகத்தின் உடலையே தொடும் அளவு நீண்டது. வரும் பாகத்தின் முன்மூலை அதில் இடிக்கும். பட்டை தொடர்ந்து தள்ளுவதால் பாகம் கடிகார முள் சுழலும் திசையில் கால் சுற்றுத் திரும்பிக் கடந்து செல்லும். குட்டைக் கட்டை அவ்வளவு நீளமன்று. பாகத்தின் உடல் அதைத் தொடாது. புடைப்புக் கீழ்நோக்கி இருந்தால் மட்டும் அப்புடைப்பு கட்டையில் இடித்துப் பாகம் கால் சுற்றுத் திரும்பும். மற்ற மூன்று நிலைகளில் வரும் பாகம் ஒன்றும் நேராததுபோல் கடந்துவிடும்.

எனவே, நெட்டைக் கட்டையைக் கடக்கும்போது இடது மேலாகும், மேல் வலதாகும், வலது கீழாகும், கீழ் இடதாகும். குட்டைக் கட்டையைக் கடக்கும்போது கீழ் இடதாகும், மற்றவை மாறா. இவ்விரு விதிகளே இப்பாடம் முழுமைக்கும் அடிப்படை. ஆதலால், சதுர அட்டையின் ஒரு பக்கத்தில் புடைப்புக்கு அடையாளமாக அம்புக்குறி வரைந்து, இவ்விதிகளை ஒருமுறை கையால் திருப்பிப் பார்த்துக்கொள்க.

எழுத்தும் சொல்லும்

எண்ணி முடிக்கத்தக்க சில நிலைகளையும், ஒரு நிலையிலிருந்து எந்நிலைக்குச் செல்ல வேண்டும் என்று கூறும் உள்ளீடுகளையும் கொண்ட இத்தகைய அமைப்பைத் தானியங்கி என்பர். நம் பாகம் நான்கு நிலைகளும் இரண்டு உள்ளீடுகளும் கொண்ட தானியங்கி. ஒவ்வோர் உள்ளீடும் ஓர் எழுத்து எனப்படும். நெட்டைக் கட்டைக்கு ‘நெ’ என்றும் குட்டைக் கட்டைக்குக் ‘கு’ என்றும் எழுத்து இடுவோம். எழுத்துகளின் தொடர்ச்சி சொல் எனப்படும்.

இலக்கணம் பயின்ற நமக்குப் பொருள் தருவதே சொல். இங்கு அக்கட்டுப்பாடு இல்லை. ‘குநெநெ’ என்பதும் சொல்லே. அது தரும் பொருளைக் காட்டிலும் அது செய்யும் செயலையே இத்துறை நோக்குகிறது. எந்நிலையில் தொடங்கினாலும் தானியங்கியை ஒரே நிலையில் கொண்டுசேர்க்கும் சொல் ஒத்திசைவுச் சொல் எனப்படும்.

ஐயம் சுருங்கும் வழி

ஒரு பாகம் எந்நிலையில் வருகிறது என்று தெரியாதபோது அதை நான்கு பாகங்களாகவே எண்ணிக்கொள்ளலாம். நான்கு நிலைகளிலும் ஒவ்வொன்றாக நான்கு பாகங்கள் ஒரே நேரத்தில் செல்வதுபோல் கற்பனை செய்து, ஒவ்வொரு கட்டைக்குப் பின்னும் எந்தெந்த நிலைகள் எஞ்சுகின்றன என்று குறித்துக்கொண்டே வந்தால் போதும். எஞ்சிய நிலைகளின் கூட்டமே நம் ஐயத்தின் அளவு.

நெட்டைக் கட்டை இக்கூட்டத்தைச் சுழற்றுமேயன்றிச் சுருக்காது. வெவ்வேறு நிலைகளில் வந்த இரு பாகங்கள் அதைக் கடந்தபின்னும் வெவ்வேறு நிலைகளிலேயே இருக்கும். சுருக்கும் ஆற்றல் குட்டைக் கட்டைக்கே உண்டு. அதுவும் எப்போதும் அன்று. கூட்டத்தில் கீழ், இடது ஆகிய இரண்டும் சேர்ந்திருக்கும்போது மட்டும், கீழ்நிலை இடதாக மாறி முன்னரே இருந்த இடதுடன் ஒன்றிவிடும். அப்போது எண்ணிக்கை ஒன்று குறையும். ஆகவே நான்கிலிருந்து ஒன்றுக்கு வர, குட்டைக் கட்டை குறைந்தது மூன்று முறை தன் வேலையைச் செய்தாக வேண்டும். நெட்டைக் கட்டையின் பணி, அதற்கு ஏற்ற இடத்தில் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது.

‘குநெநெநெகுநெநெநெகு’ என்னும் சொல்லைப் பட்டையில் வைத்துப் பார்ப்போம்.

| கட்டை | கடந்தபின் எஞ்சும் நிலைகள் |
|---|---|
| தொடக்கம் | இடது, மேல், வலது, கீழ் |
| 1. கு | இடது, மேல், வலது |
| 2. நெ | மேல், வலது, கீழ் |
| 3. நெ | வலது, கீழ், இடது |
| 4. நெ | கீழ், இடது, மேல் |
| 5. கு | இடது, மேல் |
| 6. நெ | மேல், வலது |
| 7. நெ | வலது, கீழ் |
| 8. நெ | கீழ், இடது |
| 9. கு | இடது |

ஒன்பதாவது கட்டையைக் கடந்து வரும் பாகம், எப்படி வந்திருந்தாலும், புடைப்பை இடப்பக்கம் காட்டியபடி வெளியேறுகிறது. அது தொடங்கிய நிலை எது என்பதை இனி எவராலும் கண்டறிய இயலாது. அந்நிலை பற்றிய செய்தி பட்டையிலேயே அழிந்துபோயிற்று. ஐயம் நீங்குவதற்கு நாம் கொடுத்த விலை அது.

ஒன்பதினும் குறையுமா?

ஒன்பது கட்டைகள் தேவைதானா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அட்டவணையின் மூன்றாவது வரியைக் கூர்ந்து நோக்குக. அங்கு எஞ்சியிருப்பவை வலது, கீழ், இடது. கீழும் இடதும் அங்கேயே சேர்ந்துவிட்டன. உடனே குட்டைக் கட்டையை வைத்தால் நான்காவது கட்டையிலேயே ஐயம் இரண்டாகச் சுருங்கிவிடுமே! நான்காவதாக இன்னொரு நெட்டைக் கட்டையை வீணே வைத்தது ஏன்?

அவ்வாறே செய்து பார்ப்போம். ‘குநெநெகு’ என்னும் நான்கு எழுத்துகளுக்குப் பின் எஞ்சுபவை இடதும் வலதும். இவை எதிரெதிர்த் திசைகள். இவற்றை ஒன்றாக்க வேண்டுமானால் முதலில் இவற்றை அண்டை நிலைகளாக மாற்ற வேண்டும். ஒரு நெட்டைக் கட்டை வைத்தால் அவை மேலும் கீழும் ஆகும். ஒரு குட்டைக் கட்டை வைத்தால் கீழ் மட்டும் இடதாகி, மேல், இடது என்னும் அண்டை நிலைகள் கிடைக்கும். இக்குட்டைக் கட்டை எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. இடைவெளியை மட்டுமே குறைத்தது. இனி மூன்று நெட்டைகளும் ஒரு குட்டையும் வேண்டும். மொத்தம் ‘குநெநெகுநெகுநெநெநெகு’ என்று பத்து எழுத்துகள் ஆகின்றன. முதலில் ஒரு கட்டையை மிச்சப்படுத்தியவர் பின்னர் இரண்டு கட்டைகளைக் கூடுதலாகச் செலவிட நேர்கிறது. கிடைத்த முதல் வாய்ப்பிலேயே சுருக்கிவிட வேண்டும் என்னும் முறை இங்குத் தோற்கிறது. வகுப்பில் இக்கணக்கைக் கொடுத்தால் பெரும்பாலோர் முதலில் எழுதுவது பத்தெழுத்துச் சொல்லைத்தான். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இவ்விரு வழிகளையன்றி வேறு குறுக்குவழி உண்டா? ஒவ்வொரு படியிலும் நமக்குள்ள தெரிவுகள் மிகச் சிலவே என்பதால் முழுவதும் சரிபார்த்துவிடலாம். நான்கு நிலைகளும் உள்ளபோது நெட்டைக் கட்டையால் எதுவும் மாறாது. ஆகவே முதலெழுத்து கு. அதன்பின் இடது, மேல், வலது எஞ்சுகின்றன. கீழ்நிலை இல்லாமையால் மீண்டும் கு வைப்பது வீண். ஒரு நெ வைத்தபின் கு வைத்தால் மேல், வலது, கீழ் என்பது பழையபடி மேல், வலது, இடது ஆகிவிடும். வந்த வழியே திரும்பியவராவோம். இரண்டு நெ வைத்தபின் கு வைப்பது, நாம் இப்போது கண்ட பத்தெழுத்து வழி. மூன்று நெ வைத்தபின் கு வைப்பது அட்டவணையில் உள்ள வழி. நான்காவது நெ வைத்தால் தொடங்கிய கூட்டத்துக்கே திரும்புவோம். எனவே இரண்டு கட்டமாகச் சுருங்கும் வழிகள் இரண்டே.

ஐந்தெழுத்துக்குப்பின் கிடைத்த இடது, மேல் ஆகியவற்றை ஒன்றாக்க நான்கெழுத்துக்குக் குறைவாக ஆகாது. கீழும் இடதும் சேர்ந்து நிற்கும் நிலைக்கு அவற்றைக் கொண்டுவர மூன்று நெட்டைகள் தேவை. இடையில் வலது, கீழ் என்றிருக்கும்போது கு வைத்தால் அவை வலது, இடது என விலகிவிடும். ஆகவே ஐந்தும் நான்கும் ஒன்பது. இத்தானியங்கிக்கு ஒன்பதினும் குறுகிய ஒத்திசைவுச் சொல் இல்லை.

கட்டை தேய்ந்தால்

பட்டையில் நாள்தோறும் பாகங்கள் உரசிச் செல்வதால் குட்டைக் கட்டைகளுள் ஒன்று தேய்ந்து, புடைப்பைத் தொடாமல் போனதாகக் கொள்வோம். நெட்டைக் கட்டைகள் பழுதின்றி உள்ளன. எது தேய்ந்தது என்று ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்க்க வேண்டுமா? தேவையில்லை. வெளியே வந்து விழும் பாகங்களைப் பார்த்தாலே போதும்.

ஒன்பதாவது கட்டை தேய்ந்திருந்தால் எட்டாவது வரியில் கண்ட கூட்டமே வெளியேறும். ஆகவே சில பாகங்கள் இடது நோக்கியும் சில கீழ்நோக்கியும் வரும். ஐந்தாவது தேய்ந்திருந்தால் நான்காவது வரியில் உள்ள கீழ், இடது, மேல் ஆகிய மூன்றும் சுருங்காமல் அடுத்த மூன்று நெட்டைகளைக் கடந்து வலது, கீழ், இடது ஆகும். கடைசிக் குட்டை கீழை இடதாக்க, வெளியேறுபவை இடதும் வலதும். முதற்கட்டை தேய்ந்திருந்தால் நான்கு நிலைகளும் ஐந்தாவது கட்டைவரை அப்படியே வரும். ஐந்தாவதே முதலாவதன் வேலையையும் ஒன்பதாவதே ஐந்தாவதன் வேலையையும் செய்யும். வெளியேறுபவை இடதும் மேலும்.

எனவே தவறாக வரும் பாகம் மேல்நோக்கி இருந்தால் முதற்கட்டையையும், வலம் நோக்கி இருந்தால் ஐந்தாவதையும், கீழ்நோக்கி இருந்தால் ஒன்பதாவதையும் மாற்றினால் போதும். ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்: பழுது எதுவாயினும் பாகங்களுள் ஒரு பகுதி சரியாக இடது நோக்கியே வந்துகொண்டிருக்கும். தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் தற்செயலாக ஒரே நிலையில் கொட்டப்பட்டிருந்தால், தேய்ந்த கட்டை நெடுநேரம் தன்னைக் காட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆதலால் பட்டையைச் சோதிப்பவர் நான்கு நிலைகளிலும் ஒவ்வொரு பாகத்தைத் தாமே வைத்து அனுப்பிப் பார்ப்பதே முறை.

எல்லாத் தானியங்கிக்கும் உண்டா?

இல்லை. பட்டையில் நெட்டைக் கட்டைகள் மட்டுமே இருப்பின், நூறு கட்டைகள் வைத்தாலும் நான்கு நிலைகள் நான்காகவே இருக்கும். இது வெளிப்படை. சற்றே நுட்பமான தோல்வி ஒன்றும் உண்டு. பாகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் ஒரே அளவான புடைப்புகள் இருப்பதாகவும், ஒன்றுக்கு மட்டும் சிவப்பு வண்ணம் பூசியிருப்பதாகவும் கொள்வோம். சிவப்புப் புடைப்பை ஒரே திசைக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது சிவப்பு மேலே இருந்தாலும் மற்றது கீழே இருக்குமாகையால் குட்டைக் கட்டை பாகத்தைத் திருப்பிவிடும். அதனால் இடது, வலது என்னும் இணை குட்டைக் கட்டையில் மாறாது. மேல், கீழ் என்னும் இணை வலது, இடது ஆகும். எதிரெதிராகத் தொடங்கிய இரு நிலைகள் எத்தனை கட்டைகளைக் கடந்தாலும் எதிரெதிராகவே இருக்கும். கட்டைகளுக்கு வண்ணம் தெரியாதல்லவா?

இத்தோல்வியிலிருந்து ஒரு பொதுச்சோதனை கிடைக்கிறது. எல்லா நிலைகளையும் ஒருசேர நோக்க வேண்டியதில்லை. நிலைகளை இரண்டிரண்டாக எடுத்து, ஒவ்வோர் இணையையும் ஒன்றாக்கும் சொல் உண்டா என்று பார்த்தால் போதும். ஓர் இணையேனும் ஒன்றாகாவிடில் ஒத்திசைவுச் சொல் இல்லை. எல்லா இணைகளும் ஒன்றாகுமெனில், ஓர் இணையை ஒன்றாக்கி, எஞ்சியவற்றுள் மற்றோர் இணையை ஒன்றாக்கி, இவ்வாறே சென்று முடிவில் ஒரு நிலையை அடையலாம். நான்கு நிலைகளுக்கு ஆறு இணைகளே உள்ளன. நூறு நிலைகளுக்கும் 4950 இணைகள்தாம். கணினிக்கு இது மிகச் சிறு வேலை. ஆயின் இம்முறை ஏதேனும் ஓர் ஒத்திசைவுச் சொல்லைத் தருமேயன்றி, மிகக் குறுகிய சொல்லைத் தரும் என்று கூற இயலாது. நாம் கண்ட பத்தெழுத்துச் சொல்லே அதற்குச் சான்று. மிகக் குறுகிய சொல்லை எல்லாத் தானியங்கிகளுக்கும் விரைந்து கண்டுபிடிக்கும் முறை எதுவும் இன்றுவரை அறியப்படவில்லை.

செர்னியின் கேள்வி

நம் பட்டையில் ஒன்பது என்னும் எண் தற்செயலாக வந்ததன்று. ஸ்லோவாக்கியக் கணித அறிஞர் யான் செர்னி 1964ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இவ்வகைத் தானியங்கிகளின் வரிசையொன்றை அமைத்தார். ஓர் எழுத்து எல்லா நிலைகளையும் வட்டமாகச் சுழற்றும். மற்றோர் எழுத்து ஒரே ஒரு நிலையை அதன் அடுத்த நிலைக்கு நகர்த்தும். நான்கு நிலைகளில் அது நம் பாகமே. நிலைகள் ஐந்தாயின் ஒவ்வொரு கு எழுத்துக்கும் இடையே நான்கு நெ வரும். நான்கு கு தேவைப்படும். ஆக 16 எழுத்துகள். நிலைகளின் எண்ணிக்கை n எனில் மிகக் குறுகிய சொல்லின் நீளம் (n−1)² என்று செர்னி காட்டினார்.

வேறு எத்தானியங்கியாவது இதைவிட நீண்ட சொல்லைக் கேட்குமா? ஒத்திசைவுச் சொல் உடைய எந்தத் தானியங்கிக்கும் (n−1)² எழுத்துகளுக்கு மிகாத ஒரு சொல் உண்டு என்பதே செர்னியின் ஊகம் எனப்படுகிறது. இதற்கு மாறான ஒரு தானியங்கியை எவரும் கண்டதில்லை. மெய்ப்பித்தவரும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் அறிஞர்கள் மெய்ப்பித்த எல்லை (n³−n)/6. நிலைகள் பத்தாயின் ஊகம் கூறுவது 81. அவ்வெல்லை தருவது 165. நிலைகள் நூறாயின் ஊகம் 9801, எல்லையோ 1,66,650. அதன்பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்வெல்லை அசையவில்லை. 2018இலும் 2019இலும் அதைச் சிறிதளவு குறைக்க முடிந்தது. இடைவெளி இன்னும் அகன்றே கிடக்கிறது.

கற்பவை கற்றபின்

1. குட்டைக் கட்டைகள் மூன்றும் பழுதின்றி உள்ளன. இரண்டாவதாக உள்ள நெட்டைக் கட்டை மட்டும் கழன்று விழுந்துவிட்டது. எந்தெந்தத் திசைகளை நோக்கிப் பாகங்கள் வெளியேறும்? இவ்விளைவை வேறு எப்பழுதும் தருமா எனப் பாடப்பகுதியுடன் ஒப்பிட்டுக் காண்க.

2. ஐந்து பக்கங்கள் கொண்ட அட்டையை வெட்டி, நிலைகளுக்கு 0 முதல் 4 வரை எண்ணிட்டு, 16 எழுத்துச் சொல்லுக்குரிய அட்டவணையை எழுதுக.